தீபாவளி விற்பனையில் ஓர் இடம்: இணையச் சந்தையின் கணக்கு மேலாளருக்குக் கடிதம் எழுதுவது எப்படி

சௌகார்பேட்டையில் எங்கள் குடும்பத்துக்குப் பாத்திரக் கடை. மாதவரத்தில் ஒரு கிடங்கு. பித்தளை விளக்குகளை இணையச் சந்தையில் விற்கும் பொறுப்பு என்னுடையது. ஆண்டுதோறும் ஆடி மாதம் நான் செய்யும் முதல் வேலை, தீபாவளிச் சிறப்பு விற்பனையில் இடம் கேட்டுக் கணக்கு மேலாளருக்குக் கடிதம் எழுதுவது. அந்தக் கடிதத்தை எப்படித் தயாரிக்கிறேன் என்பதை 2026 தீபாவளிக்கான கணக்கோடு இங்கே சொல்கிறேன். எண்கள் விளக்கு வியாபாரத்துக்கானவை. சேலையோ முறுக்கோ விற்பவர்கள் தங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளலாம்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலும் இடத்தைக் கொடுப்பவர் கணக்கு மேலாளர் அல்ல. அவர் நம்மைப் போல் இன்னும் பல விற்பனையாளர்களைக் கவனிக்கிறார். நம் கடிதத்தைப் படித்துவிட்டு, அந்தப் பொருள் வகையைப் பார்க்கும் குழுவுக்கு அனுப்புகிறார். அங்கே உட்கார்ந்திருப்பவர் நம்மைப் பார்த்ததே இல்லை. ஆகவே நாம் எழுதுவது, மேலாளர் ஒரு எழுத்தும் மாற்றாமல் அப்படியே மேலே அனுப்பக்கூடிய தாளாக இருக்க வேண்டும். "பத்து வருடமாக உங்களோடு இருக்கிறோம், இந்த முறை பார்த்துச் செய்யுங்கள்" என்ற வரி அவருக்கு எந்த வகையிலும் உதவாது. அதை அவர் யாரிடமும் காட்ட முடியாது.

மேலே இருப்பவருக்கு ஒரே பயம்தான்: டீல் திறந்த இரண்டாம் நாள் சரக்கு தீர்ந்து, அந்த இடம் வெறுமனே கிடப்பது. அல்லது அதைவிட மோசமாக, ஆர்டர் எடுத்துவிட்டு விற்பனையாளர் ரத்து செய்வது. கடிதத்தின் பெரும்பகுதி அந்தப் பயத்துக்குப் பதிலாக அமைய வேண்டும்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சந்தைக்கு "900 செட் அகல் விளக்கு தயார்" என்று எழுதினேன். கிடங்கில் இருந்தது 600. மீதி 300 கும்பகோணத்திலிருந்து லாரியில் ஏறப்போகிறது என்று வியாபாரி சொன்ன வாக்கு. அந்த நம்பிக்கையில் திரையிலும் 900 என்றே ஏற்றிவிட்டேன். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது, லாரி வரவில்லை. 600 போன பிறகு, நான் கவனித்து இருப்பைப் பூஜ்யமாக்குவதற்குள் 212 ஆர்டர்கள் விழுந்துவிட்டன. அத்தனையும் ரத்து. விற்பனையாளரே செய்யும் ரத்து 2.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது அமேசான் இந்தியா போன்ற சந்தைகளின் அளவுகோல். நான் விற்ற சந்தையிலும் அப்படி ஓர் எல்லை இருந்தது. நான் அதைத் தாண்டி எங்கோ போயிருந்தேன். அடுத்த ஆண்டு என் கடிதத்துக்குப் பதில்கூட வரவில்லை. தவறு முழுக்க என்னுடையது.

எதைக் கேட்பது

எங்களிடம் 38 வகை விளக்குகள் இருக்கின்றன. 38-க்கும் இடம் கேட்பது, எதற்கும் கேட்காததற்குச் சமம். இரண்டே பொருட்களைத் தேர்ந்தெடுக்கிறேன்: ஆறு பித்தளை அகல் விளக்குகள் கொண்ட செட், ஐந்து அங்குலக் காமாட்சி விளக்கு. எங்களிடம் அதிக லாபம் தருவது ஜோடிக் குத்துவிளக்கு. ஆனால் அதைக் கடிதத்தில் சேர்ப்பதில்லை. படத்தில் பெரிதாகத் தெரிகிறது, கையில் வாங்கியதும் சிறிதாக இருக்கிறது என்று திருப்பி அனுப்புபவர்கள் அதிகம். தண்டைத் திருகி மாட்டும் மரை சற்றுச் சாய்ந்திருந்தாலும் திரும்பி வந்துவிடும். திருவிழா விற்பனையில் ஆர்டர் ஐந்து மடங்கானால் திரும்பி வருவதும் ஐந்து மடங்காகும். (குத்துவிளக்கு விற்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நாச்சியார்கோவில் குத்துவிளக்குக்குப் புவிசார் குறியீடு உண்டு. வேறு ஊரில் வார்த்த விளக்குக்கு அந்தப் பெயரைத் தலைப்பில் போடாதீர்கள்.)

அடுத்து, எந்த நாட்களைக் கேட்பது. இங்கே நம் ஊர் அறிவு கைகொடுக்கும். வடக்கே தீபாவளி என்றால் வரிசை வரிசையாக விளக்கேற்றுவது. அகல் செட்டை டெல்லியிலும் மும்பையிலும் வாங்குகிறார்கள், அதுவும் தீபாவளிக்கு முன்பே. நம் ஊரில் தீபாவளிக்கு எண்ணெய்க் குளியலும் பட்டாசும்தான். அகல் வரிசை கார்த்திகைக்குத்தான். காமாட்சி விளக்கோ தமிழ்நாட்டுக்குள்தான் அதிகம் போகும். கொலுவும் ஆயுத பூஜையும் அதற்கு உகந்த நேரம். 2026-இல் ஆயுத பூஜை அக்டோபர் 19, தீபாவளி நவம்பர் 8. ஆகவே அகலுக்கு நாடு முழுவதற்குமான விற்பனையின் முதல் நாட்களையும், காமாட்சி விளக்குக்கு ஆயுத பூஜைக்கு முந்தைய வாரத்தையும் கேட்கிறேன். வெளி மாநிலத்தில் இருக்கும் குழுவுக்குக் கார்த்திகை என்று ஒன்று தீபாவளிக்குப் பின்னால் வருவதே தெரியாமல் இருக்கலாம். அதை ஒரே வரியில் சொல்லிவிடுகிறேன். மீந்த சரக்கு எங்கே போகும் என்ற கேள்விக்கும் அதுவே பதில்.

சரக்குக் கணக்கு

இங்கே அவசரப்படாதீர்கள். எழுதும் நாளில் கிடங்கில் இருக்கும் எண்ணிக்கையைக் கடிதத்தில் போடுவதுதான் பலரும் செய்யும் பிழை. விற்பனை தொடங்க இன்னும் ஆறேழு வாரம் இருக்கிறது. அதுவரை கடையை மூடியா வைக்கப்போகிறோம்?

நான் ஆகஸ்ட் 10 அன்று எழுதுகிறேன். சந்தைகள் விற்பனைத் தேதியை நெருக்கத்தில்தான் அறிவிக்கும். அதனால் எனக்கு நானே ஒரு தேதி வைத்துக்கொள்கிறேன்: செப்டம்பர் 25. இடையில் 46 நாட்கள்.

அகல் செட்டை எடுத்துக்கொள்வோம். கிடங்கில் கையால் எண்ணியது 1,150. கணினியில் இருக்கும் எண்ணை நம்புவதில்லை. ஏணி போட்டு ஏறி எண்ணுகிறோம். அதில் 70 செட் கறுத்தவை அல்லது பெட்டி நசுங்கியவை. சென்னைக் காற்றின் ஈரத்துக்குப் பித்தளை சீக்கிரம் நிறம் மங்கும். பாலித்தீன் உறையில் விரல் ரேகையோடு போட்டு மூடினால் இரண்டே மாதத்தில் அந்த ரேகை அப்படியே கறுப்பாகப் பதிந்திருக்கும். அவற்றைக் கழித்தால் 1,080. தினமும் சராசரியாக 14 செட் போகிறது. 46 நாளில் 644. மிச்சம் 436.

வரவேண்டியது 1,200 செட். இதில் 800-க்கு முழுப்பணம் கொடுத்தாயிற்று, பில் எண்ணும் ஆகஸ்ட் 28 என்ற அனுப்பும் தேதியும் கையில் இருக்கின்றன. மீதி 400 செப்டம்பர் 20 வாக்கில் வரலாம். முதல் 800-ஐ மட்டும் கூட்டுகிறேன்: 1,236. பின்னது வந்தால் மகிழ்ச்சி, ஆனால் கணக்கில் கிடையாது. கடையில் நேரில் வருபவர்களுக்கு 150 ஒதுக்கினால் 1,086. கடிதத்தில் 1,000 என்று எழுதுகிறேன். காமாட்சி விளக்குக்கும் இதே வழிதான்: விற்கத் தகுந்தது 380, தினமும் 6 வீதம் 276 போனால் 104, உறுதியான வரவு 400, கடைக்கு 50. வருவது 454, எழுதுவது 450.

எண்ணிக்கை இருந்தால் மட்டும் "தயார்" ஆகிவிடாது. லேபிள் ஒட்டாத சரக்கு தயாரான சரக்கு அல்ல. பொட்டலப் பொருட்களுக்கான 2011-ஆம் ஆண்டு சட்ட அளவியல் விதிகளின்படி பொருளின் பெயர், எண்ணிக்கை, தயாரிப்பாளர் அல்லது பொட்டலமிட்டவரின் பெயர் முகவரி, தயாரித்த மாதமும் ஆண்டும், வரிகள் உட்பட அதிகபட்ச சில்லறை விலை, புகார் தொடர்பு விவரம் எல்லாம் பெட்டியின் மேல் இருக்க வேண்டும். புதுச் சரக்கு வந்ததும் ஒட்டலாம் என்று தள்ளிப்போட்டால் விற்பனைக்கு முந்தைய இரவு ஸ்டிக்கரோடு உட்கார நேரிடும்.

பிறகு கைகள். ஓர் அகல் செட்டைத் துடைத்து, தாளில் சுற்றி, பெட்டியிலிட்டு, மேலுறை போட நான்கு நிமிடம் ஆகிறது. ஒருவர் எட்டு மணி நேரத்தில் 120. எங்களிடம் இருவர், ஆக நாளுக்கு 240. டீலின் முதல் நாளிலேயே 400 ஆர்டர் வந்தால் மறுநாளைக்குள் அனுப்ப முடியாது. தாமத அனுப்புதல் விகிதம் ஏறும். ஆகவே செப்டம்பர் 20-க்குள் 500 செட்டை முகவரிச் சீட்டு மட்டும் ஒட்டவேண்டிய நிலையில் கட்டி வைக்கிறோம். "நாளொன்றுக்கு 240, முன்கூட்டியே கட்டியது 500" என்ற ஒரு வரி, "எங்களிடம் திறமையான குழு இருக்கிறது" என்று பத்தி பத்தியாக எழுதுவதைவிடக் கனமானது.

சந்தையின் கிடங்கிலேயே சரக்கை வைப்பதானால் இன்னும் இரண்டு விஷயங்கள். அந்தக் கிடங்கின் முகவரி நம் ஜி.எஸ்.டி. பதிவில் கூடுதல் வணிக இடமாகச் சேர்ந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டுக்குள் என்றால் நம் பதிவிலேயே சேர்க்கலாம். பெங்களூர்க் கிடங்கு என்றால் கர்நாடகத்தில் தனிப் பதிவு தேவை. இது ஒரே நாளில் முடியாது, ஆகஸ்டிலேயே தொடங்க வேண்டும். அடுத்து, தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்கை அனுப்ப இ-வே பில் வேண்டும். மாநிலம் தாண்டினால் 50,000 ரூபாயே எல்லை. செப்டம்பர் நடுவில் அந்தக் கிடங்குகளில் சரக்கு இறக்க நேரம் கிடைப்பதே பெரும்பாடு. முடிந்தவரை அதற்கு முன்பே அனுப்பிவிடுங்கள்.

விலை

கடிதத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று விலைகளை எழுதுகிறேன்: அச்சிட்ட அதிகபட்ச விலை, கடந்த 30 நாளில் விற்ற மிகக் குறைந்த விலை, தரப்போகும் விலை. குழு ஒப்பிட்டுப் பார்ப்பது நடுவில் இருப்பதைத்தான். ஆகஸ்டில் ஏதோ ஒரு கூப்பனில் 540-க்கு விற்றுவிட்டு, டீல் விலை 549 என்று எழுதினால் அது டீலே அல்ல. அதனால் ஜூலை முதலே விலையைக் கண்டபடி இறக்காமல் பார்த்துக்கொள்கிறேன். இதற்குக் கீழே போகமுடியாது என்ற அடிவிலை ஒன்று என் நோட்டுப் புத்தகத்தில் இருக்கும். கடிதத்தில் வராது.

கடிதம்

சென்னையில் இருக்கும் மேலாளரோடு தொலைபேசியில் தமிழில்தான் பேசுவோம். எழுத்தில், கடிதம் வெளி மாநிலக் குழுவுக்குப் போகும் என்றால் ஆங்கிலத்தில் அனுப்ப வேண்டியிருக்கும். முதலில் தமிழில் எழுதிப் பார்ப்பது என் வழக்கம். எதைச் சொல்ல வருகிறோம் என்பது அப்போதுதான் தெளிகிறது. வரிசை இரண்டுக்கும் ஒன்றே.

> பொருள்: பூஜைப் பொருட்கள், பித்தளை விளக்கு – தீபாவளி விற்பனையில் 2 பொருட்களுக்கு டீல் இடம் – மொத்தம் 1,450, செப்டம்பர் 25 முதல் தயார்
>
> மதிப்பிற்குரிய கணக்கு மேலாளர் அவர்களுக்கு,
>
> வணக்கம். வரும் தீபாவளி விற்பனையில் எங்கள் இரண்டு பொருட்களுக்கு டீல் இடம் கோருகிறோம்.
>
> 1. பித்தளை அகல் விளக்கு, 6 கொண்ட செட். விற்பனையின் முதல் இரண்டு நாட்கள், நாடு முழுவதும். அதிகபட்ச விலை ரூ.999; கடந்த 30 நாளில் குறைந்த விலை ரூ.599, டீல் விலை ரூ.549. டீலுக்கு 700 செட், அது முடிந்த பின் வழக்கமான விற்பனைக்கு 300 செட்.
>
> 2. காமாட்சி விளக்கு, 5 அங்குலம். அக்டோபர் 12 முதல் 18 வரை, தமிழ்நாட்டு வாடிக்கையாளர்களுக்கு முன்னுரிமை. அதிகபட்ச விலை ரூ.899, கடந்த 30 நாளில் குறைந்த விலை ரூ.525, டீல் விலை ரூ.479. டீலுக்கு 350, அதன் பின் 100.
>
> கடந்த 90 நாளில் முதல் பொருள் 1,260 செட், இரண்டாவது 540 விற்றுள்ளன. எங்கள் கணக்கில் ரத்து விகிதம் 0.4 சதவீதம், தாமத அனுப்புதல் 1.1 சதவீதம்.
>
> சரக்கு நிலை: மேலே உள்ள எண்கள், செப்டம்பர் 25 வரை நடக்கும் வழக்கமான விற்பனையையும் எங்கள் கடைக்கான ஒதுக்கீட்டையும் கழித்த பின் நிற்பவை. இதில் பணம் செலுத்தி அனுப்பும் தேதி உறுதியான வரவு (அகல் 800, காமாட்சி 400) அடங்கும். அதன் பில் நகல் இணைப்பில் உள்ளது. மேலும் 400 அகல் செட் செப்டம்பர் 20 வாக்கில் வரவிருக்கிறது. அது இந்தக் கணக்கில் சேர்க்கப்படவில்லை.
>
> 500 அகல் செட்டும் 250 காமாட்சி விளக்கும் செப்டம்பர் 10-க்குள் தமிழ்நாட்டில் உள்ள உங்கள் கிடங்குக்கு வந்து சேரும். மீதி எங்கள் மாதவரம் கிடங்கிலிருந்து போகும். அங்கே நாளொன்றுக்கு 240 பொட்டலம் கட்டுகிறோம். 500 செட் முன்கூட்டியே கட்டித் தயாராக இருக்கும்.
>
> தமிழ்நாட்டில் அகல் விளக்கின் முக்கிய விற்பனை தீபாவளிக்குப் பின் வரும் கார்த்திகைத் தீபத்துக்குத்தான். மீதமாகும் சரக்குக்கு அந்த வாரத்திலும் இடம் தர இயலுமா என்று தெரிவிக்கவும்.
>
> ஆகஸ்ட் 24-க்குள் தங்கள் பதில் கிடைத்தால் கிடங்குக்குச் சரக்கு அனுப்பும் நேரத்தைப் பதிவு செய்ய வசதியாக இருக்கும். புதுப்பித்த சரக்கு எண்ணிக்கையை செப்டம்பர் 14 அன்று அனுப்புகிறோம்.
>
> இப்படிக்கு,
> (பெயர், கடை, விற்பனையாளர் கணக்கு எண், கைபேசி எண்)

மேலாளரின் பெயர் தெரிந்தால் பெயரையே போடுங்கள். ஆள் மாறியிருக்கலாம், அனுப்பும் முன் ஒரு முறை தொலைபேசியில் கேட்டுக்கொள்வது நல்லது. போன ஆண்டு மேலாளரின் பெயரில் போன கடிதம், புதியவருக்கு முதல் நாளே கசப்பாக இருக்கும்.

இணைப்பாக ஒரே ஓர் எக்ஸெல் தாள் போதும். ஒரு பொருளுக்கு ஒரு வரி. முதல் நெடுவரிசையில் சந்தையின் திரையில் தெரியும் பொருள் எண் இருக்க வேண்டும், நம் கடைக் குறியீடு அல்ல. மேலே இருப்பவர் அந்த எண்ணை நகலெடுத்து ஒட்டிப் பார்ப்பார். பொருள் வரவில்லை என்றால் அடுத்த கடிதத்துக்குப் போய்விடுவார். கூடவே பொருள் பக்கத்தையும் அன்றே சரிபார்த்துவிடுங்கள். எங்கள் காமாட்சி விளக்கின் பக்கத்தில் உயரம் 5 சென்டிமீட்டர் என்று எட்டு மாதம் கிடந்தது. அங்குலம் என்று யாரோ திருத்த மறந்திருக்கிறார்கள். அந்த யாரோ நான்தான்.

அனுப்பிய பிறகு

ஒரு வாரம் பதில் இல்லை என்றால் அதே மின்னஞ்சலுக்குக் கீழேயே இரண்டு வரி எழுதுங்கள். புதிதாக இன்னொரு கடிதம் வேண்டாம். இரண்டு கடிதத்தில் இரண்டு எண்ணிக்கை இருந்தால் இரண்டையும் நம்ப மாட்டார்கள். எண்ணிக்கை மாறினால், அது குறைந்தாலும், அன்றே சொல்லிவிடுங்கள். போன முறை காமாட்சி விளக்கில் 60 குறைந்தது. வார்ப்பில் பொத்தல் விழுந்து எண்ணெய் கசிந்தது. வந்த சரக்கில் பெட்டிக்கு இரண்டு விளக்கு எடுத்து எண்ணெய் ஊற்றி ஒரு மணி நேரம் காகிதத்தின் மேல் வைத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம், அதில் தெரிந்தது. மேலாளருக்குச் சொன்னேன். டீலுக்கான அளவைக் குறைத்தார், இடத்தை எடுக்கவில்லை.

இடம் உறுதியானதும் அந்த எண்ணிக்கையை மற்ற சந்தைகளின் திரையிலிருந்து உடனே கழியுங்கள். ஒரே 700 செட்டை இரண்டு இடத்தில் காட்டினால், என் 212 ஆர்டர் கதை உங்களுக்கும் நடக்கும். விற்பனை நாட்களில் காலை ஒன்பது, மதியம் இரண்டு, இரவு பத்து என மூன்று முறை கிடங்கில் எண்ணித் திரையோடு ஒப்பிடுகிறோம். 50-க்குக் கீழே போனால் திரையில் இருப்பைப் பூஜ்யமாக்குவது என்று வைத்திருக்கிறோம். கடைசி 50 செட்டில்தான் கறுத்ததும் நசுங்கியதும் ஒளிந்திருக்கும்.

இடம் இல்லை என்று பதில் வந்தால், ஏன் என்று ஒரு வரி கேளுங்கள். விலையா, சரக்கா, மதிப்பீடா என்று சொல்வார்கள். பிறகு அக்டோபர் முதல் வாரத்தில் கார்த்திகைக்காக மட்டும் ஐந்து வரிக் கடிதம் ஒன்று அனுப்புங்கள்: அகல் செட் மட்டும், தமிழ்நாடு மட்டும், சரக்கு முழுவதும் மாதவரத்தில் கட்டித் தயார். தீபாவளிக் கூட்டம் வடிந்த பின் அந்த இடத்துக்குப் போட்டி போடுபவர்கள் குறைவு.